சுத்தபத்தமாக: பூஜைக்கு முன் குளிப்பது எப்படி, எதற்காக

முடி வெட்டிக்கொண்டு வீடு திரும்பினால் வாசலிலேயே ஒரு குரல் நிறுத்தும். "எதையும் தொடாதே, நேரே போய்த் தலைக்குக் குளி." அதே வீட்டில் முழங்கால் வரை சேறோடு விளையாடிவிட்டு வரும் பையனுக்குச் சொல்லப்படுவது "காலைக் கழுவிக்கொண்டு வா" என்பது மட்டும்தான். இருவரில் அழுக்கு அதிகம் யார் மேல்? சந்தேகமே இல்லை, பையன் மேல்தான். ஆனாலும் வீட்டுக்குள் வரவிடாமல் நிறுத்தப்படுபவர் முடி வெட்டிக்கொண்டவர்.

பூஜைக்கு முன் குளிப்பதன் பின்னால் இருக்கும் கருத்து முழுவதும் இந்த வாசல் காட்சியில் அடங்கியிருக்கிறது. அழுக்கு ஒன்று, தீட்டு வேறு. சோப்பு அழுக்கைப் போக்கும். தீட்டைப் போக்குவதற்குத் தண்ணீரோடு ஒரு முறையும், சில சமயம் நாள் கணக்கும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் "தினமும் இரண்டு வேளை குளிக்கிறேனே, இன்னும் என்ன சாஸ்திரம்?" என்ற கேள்வியும், "எல்லாமே அந்தக் காலத்து சுகாதாரம்தான்" என்ற அவசர விளக்கமும் வருகின்றன. இரண்டுமே பாதிதான் சரி.

இங்கே நான் எழுதுவது தமிழ்நாட்டு இந்து வீடுகளில் இருக்கும் வழக்கத்தைப் பற்றி. சைவம், வைணவம், ஸ்மார்த்தம் என்று மந்திரங்கள் மாறும், ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கும். அடிப்படை வரிசை பெரும்பாலும் ஒன்றுதான்.

தீட்டு என்றால் எது?

தலையில் இருக்கும்வரை முடிக்கு எண்ணெய், சீப்பு, பூ என்று எல்லா மரியாதையும் உண்டு. அதே முடி சோற்றில் ஒன்று கிடந்தால் தட்டையே நகர்த்திவிடுகிறோம். முடியில் எதுவும் மாறவில்லை, இடம்தான் மாறியது. தன் நிலையிலிருந்து தாழ்ந்த மனிதருக்கு வள்ளுவர் உவமையாகச் சொன்னதும் "தலையின் இழிந்த மயிர்" என்பதைத்தான். நகம், எச்சில், வியர்வை, இரத்தம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். உடம்புக்குள் இருக்கும்போது அவற்றை யாரும் தீட்டு என்பதில்லை. உடம்பின் எல்லையைத் தாண்டி வெளியே வந்ததும் தீட்டாகின்றன. தர்மசாஸ்திரங்கள் உடம்பின் மலங்கள் என்று பன்னிரண்டைக் கணக்கிடுகின்றன. அந்தப் பட்டியலில் கண்ணீரும் இருக்கிறது. கண்ணீரை யாரும் அழுக்கு என்று நினைப்பதில்லை. ஆனால் அதுவும் எல்லை தாண்டி வந்ததுதானே.

பிறப்புத் தீட்டும் இறப்புத் தீட்டும் இதே எண்ணத்தின் பெரிய வடிவங்கள். ஓர் உயிர் எல்லை தாண்டி வருகிறது, இன்னோர் உயிர் எல்லை தாண்டிப் போகிறது. அந்தக் கதவு திறந்திருக்கும் நாட்களில் குடும்பம் தன் வழக்கமான வழிபாட்டிலிருந்து விலகி நிற்கிறது. குழந்தை பிறந்தது மகிழ்ச்சியான சேதி, ஆனாலும் தீட்டு உண்டு. ஆகவே தீட்டு என்பது தண்டனையோ கெட்ட பெயரோ இல்லை. கொஞ்ச காலம் நிற்கும் ஒரு நிலை, அவ்வளவுதான்.

பிராமண வீடுகளில் இந்த நிலைகளுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. படுத்து எழுந்த துணியோடு, குளிக்காமல் இருப்பது விழுப்பு. குளித்து, தூய துணி உடுத்தி, பிறர் மேல் படாமல் இருப்பது மடி. சமைத்த சோறு, குழம்பு பட்ட கையும் பாத்திரமும் பத்து. வாய் பட்டது எச்சில். மற்ற வீடுகளில் இவ்வளவு பிரிக்காமல் "சுத்தபத்தமாக" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பூஜைக்கு முன் குளிப்பதன் வேலை, விழுப்பிலிருந்து மடிக்கு ஓர் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

ஒரு குளியலுக்குள் இரண்டு குளியல்

சாஸ்திரங்கள் குளியலை அதன் நோக்கத்தை வைத்துப் பிரிக்கின்றன. நாள்தோறும் செய்வது நித்தியம். கிரகணம், தீட்டு போன்ற ஒரு காரணத்தால் வருவது நைமித்திகம். ஒரு பலனை வேண்டிச் செய்வது காமியம். இந்த மூன்றும் பலருக்குத் தெரியும். பெரும்பாலும் மறந்துபோவது மலாபகர்ஷணம், அதாவது அழுக்கைப் போக்கும் குளியல். எண்ணெய்க் குளியல் இந்த வகை. சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிப்பதையும் இதில்தான் சேர்க்க வேண்டும்.

அழுக்குக் குளியல் தனி, வழிபாட்டுக்கான நீராட்டு தனி என்பதுதான் இந்தப் பிரிவின் சாரம். இரண்டையும் ஒரே வாளியில், அடுத்தடுத்துச் செய்யலாம், ஒன்றும் தவறில்லை. ஆனால் வரிசை முக்கியம். அழுக்கு முதலில், நீராட்டு அதன் பிறகு. நதியில் இறங்குபவர்கள் கரையிலேயே வேறு தண்ணீரில் உடம்பைக் கழுவிக்கொண்டு பிறகுதான் தீர்த்தத்தில் கால் வைக்க வேண்டும் என்பதும் இதனால்தான். ஆற்றில் நின்று சோப்பு போடுபவர், சுற்றுச்சூழல் ஒருபுறம் இருக்கட்டும், சாஸ்திரப்படியே தவறு செய்கிறார்.

வீட்டில் செய்யும் முறை

நேரத்திலிருந்து தொடங்கலாம். சூரிய உதயத்துக்கு நான்கு நாழிகை முன்பு அருணோதயம் தொடங்குகிறது. ஒரு நாழிகை 24 நிமிடம், ஆக உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு. அதிலிருந்து உதயம் வரை உள்ள நேரம் உத்தமம் என்பார்கள். முடியவில்லையென்றால் எப்போது வழிபடுகிறோமோ அதற்குச் சற்று முன்பு. கட்டாயமான விதி ஒன்றுதான்: சாப்பிட்ட பிறகு குளிக்கக் கூடாது. மருந்து சாப்பிட்டது இதில் சேராது.

கழிப்பறை வேலையும் பல் துலக்குவதும் முதலில் முடிய வேண்டும். குளித்த பிறகு கழிப்பறைக்குப் போனால் மடி போய்விடும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டியதுதான். வயிறு சரியில்லாத நாளில் அவசரப்பட்டுக் குளித்துவிட்டுத் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் தவித்திருக்கிறேன்.

அடுத்து தண்ணீர். வெந்நீர் கலப்பதானால் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, அதன்மேல் வெந்நீரை ஊற்ற வேண்டும். வெந்நீரில் பச்சைத் தண்ணீரை விளாவக் கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள், அது அமங்கலக் காரியத்துக்கான முறை என்பதால். கொதிக்கும் தண்ணீர் வெறும் வாளியில் நிற்கும் நேரத்தில் குழந்தை கைவிட்டுவிடாமல் இருக்கவும் இந்த வரிசை உதவுகிறது. ஆனால் விதி அதற்காக வந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

இப்போது அழுக்குக் குளியல். சோப்போ சீயக்காயோ பாசிப்பயற்று மாவோ, உங்கள் வழக்கம். நுரை முழுவதும் போகக் கழுவுங்கள். இதுவரை நடந்தது மலாபகர்ஷணம். கடைசியாக அரை வாளிக்குக் குறையாமல் நல்ல தண்ணீரைத் தொடாமல் மிச்சம் வைத்திருக்க வேண்டும். சோப்புக் கை பட்ட தண்ணீரில் நீராட்டைச் செய்யாதீர்கள்.

இனி நீராட்டு. இடுப்பில் ஒரு துண்டாவது இருக்கட்டும். ஆடையே இல்லாமல் ஸ்நானம் செய்வது விலக்கப்பட்டிருக்கிறது, தாழிட்ட குளியலறை அதற்கு விலக்கு இல்லை. கிழக்கு நோக்கி நின்று, எதற்காகக் குளிக்கிறோம் என்பதை மனத்தில் சொல்லிக்கொள்வது சங்கல்பம். சமஸ்கிருதத்தில் நாள், திதி எல்லாம் சொல்லிச் செய்பவர்கள் செய்யட்டும். தெரியாதவர்கள் "இன்றைய வழிபாட்டுக்காக நீராடுகிறேன்" என்று தமிழில் நினைத்தாலே போதும். மேலே சொன்ன இரண்டு குளியலையும் பிரிக்கும் கோடு இந்த நினைப்புதான். அதே தண்ணீர், அதே உடம்பு. நோக்கம் மட்டும் மாறுகிறது.

பிறகு வாளித் தண்ணீரில் கையை வைத்து நதிகளை அழைப்பது. "கங்கே ச யமுனே சைவ கோதாவரி ஸரஸ்வதி, நர்மதே ஸிந்து காவேரி ஜலேஸ்மின் ஸந்நிதிம் குரு." கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவேரி ஆகிய ஏழும் இந்தத் தண்ணீரில் வந்து இருக்கட்டும் என்பது பொருள். குழாய்த் தண்ணீரும் இதோடு தீர்த்தம் ஆகிவிடும். ஏழில் காவேரி கடைசியில் வருவது நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சின்னக் குறை, என்ன செய்வது.

வேதம் ஓதியவர்கள் இந்த இடத்தில் "ஆபோ ஹி ஷ்டா" என்று தொடங்கும் மூன்று ருக்குகளைச் சொல்லித் தலையில் நீரைத் தெளித்துக்கொள்வார்கள். அதன்பின் "ருதம் ச ஸத்யம் ச" என்று தொடங்கும் அகமர்ஷண சூக்தம். பாவத்தைத் தேய்த்துப் போக்குவது என்பது அந்தப் பெயரின் பொருள். நீரில் மூழ்கியபடி அதை மூன்று முறை சொல்வது முறை. மற்றவர்கள் பஞ்சாட்சரமோ அஷ்டாட்சரமோ இஷ்ட தெய்வத்தின் நாமமோ சொல்லி, உச்சந்தலையிலிருந்து வழியும்படி மூன்று செம்புத் தண்ணீர் விட்டுக்கொண்டால் நீராட்டு முடிந்தது.

உச்சந்தலை என்றதும் ஒரு கேள்வி வரும். தினமும் தலைக்கா? "மேலுக்குக் குளிப்பது", "தலைக்குக் குளிப்பது" என்று தமிழில் இரண்டு உண்டு. கழுத்துக்குக் கீழே ஊற்றிக்கொள்ளும் கண்ட ஸ்நானத்தை அன்றாட வழிபாட்டுக்குப் பெண்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் தீட்டு என்று ஒன்று வந்துவிட்டால் மேலுக்குக் குளிப்பது செல்லாது, தலை நனைந்தே ஆக வேண்டும்.

துடைப்பதும் உடுத்துவதும்

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். குளியல் ஒழுங்காக நடந்திருக்கும், கொடியில் கிடந்த ஏதோ ஒரு துண்டால் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வீணாக்கிவிடுவோம். நேற்று யாரோ கை துடைத்த துண்டு, கதவின் பின்னால் சட்டையோடு தொங்கிய துண்டு, இவை விழுப்பு. முந்தின நாள் துவைத்து, தனியாக உலர்த்தி, பிறகு யாரும் தொடாத துண்டும் வேட்டியும்தான் மடி. பழைய வீடுகளில் கைக்கு எட்டாத உயரத்தில் மூங்கில் கொடி கட்டி, கோலால்தான் துணியைப் போடுவதும் எடுப்பதும். இன்றைய அடுக்குமாடி வீட்டில் அதற்கு வழியில்லை. பூஜைத் துணிக்கு என்று ஒரு தனிக் கம்பியோ அலமாரியில் ஒரு தனித் தட்டோ போதும். ஒரு துணி மடியா இல்லையா என்று சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டியது துணியின் வெண்மையை அல்ல. துவைத்த பிறகு அது எங்கே இருந்தது, யார் தொட்டார்கள் என்பதைத்தான்.

முதுகை முதலில் துடைக்க வேண்டும், முகத்தைப் பிறகு என்பார்கள். முதலில் துடைத்த இடத்தில் மூதேவி வந்து உட்காருவாள் என்று பாட்டிகள் சொல்லும் காரணம். கூந்தலை உதறித் தண்ணீர் தெறிக்க விடுவதும் விரித்துப் போட்டபடி பூஜையில் நிற்பதும் கூடாது, ஈரமானாலும் நுனியில் ஒரு முடிச்சாவது இருக்க வேண்டும்.

ஈரத் துணியைப் பற்றி ஒரு குழப்பம் நிலவுகிறது. ஈரத்தோடு சாமி கும்பிடுவது கூடுதல் புண்ணியம் என்று பலர் நம்புகிறார்கள். நேர்த்திக்கடனாக ஈரத் துணியோடு கோவிலைச் சுற்றுவது தனி விஷயம். அன்றாட ஜபத்துக்கும் பூஜைக்கும் விதி எளிமையானது: நீருக்குள் நின்று செய்தால் ஈர உடை, கரையேறிச் செய்தால் உலர்ந்த உடை. ராமேஸ்வரத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அக்னி தீர்த்தமான கடலில் மூழ்கி, கோவிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக ஊற்றச் சொல்லி நனைந்த பிறகு, உடை மாற்றிக்கொண்டுதான் சந்நிதிக்குப் போக வேண்டும்.

உடுத்தியபின் திருநீறோ திருமண்ணோ இட்டு ஆசமனம். உள்ளங்கையைக் குழித்து, ஓர் உளுந்து மூழ்கும் அளவு தண்ணீர் எடுத்து, கட்டைவிரலின் அடிப்பக்கம் வழியாக மூன்று முறை சத்தமில்லாமல் உட்கொள்வது. கை நிறைய எடுத்து உறிஞ்சுவதும், ஒரு சொட்டை நாக்கில் தடவிக்கொள்வதும் பிழை. வெளியே தண்ணீர் பட்டது போல உள்ளேயும் கொஞ்சம் போக வேண்டும் என்பது இதன் எண்ணம்.

குளியலறையும் கழிப்பறையும் ஒன்றாக இருக்கும் வீடுகளில் என்ன செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். குளிக்கத் தொடங்கும் முன்பே தரையைக் கழுவிவிடுவேன். உலர்ந்த வேட்டியை உள்ளே கொண்டுபோவதில்லை. ஈரத் துண்டோடு வெளியே வந்து, வாசற்படியில் ஒரு செம்புத் தண்ணீரால் காலைக் கழுவிக்கொண்டு, பிறகு உடுத்துகிறேன். இதற்கு மேல் யோசித்தால் வீட்டைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

ஆற்றிலும் குளத்திலும்

நதியில் ஓட்டத்துக்கு எதிர்முகமாகவும், குளத்தில் சூரியனுக்கு எதிர்முகமாகவும் நிற்க வேண்டும். கால் வைக்கும் முன் ஒரு கை நீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொள்வது மரியாதை. கண், காது, மூக்கைக் கைவிரல்களால் மூடிக்கொண்டு மூன்று முழுக்கு. பிறகு தர்ப்பணம் செய்பவர்கள் இடுப்பளவு நீரில் நின்று, தேவர்களுக்கு விரல் நுனி வழியாகவும், ரிஷிகளுக்குச் சுண்டுவிரலின் அடி வழியாகவும், முன்னோர்களுக்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலும் நீர் விடுவார்கள்.

அதன்பின் கரையில் ஈரத் துணியைப் பிழிவதும் ஒரு சடங்குதான். பிள்ளை இல்லாமல் இறந்துபோன, நீர் விட ஆளில்லாத நம் குலத்தவர்கள் இந்தப் பிழிந்த நீரைப் பெற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு சுலோகம் சொல்லிப் பிழிய வேண்டும். ஆகவே தர்ப்பணம் முடியும் முன்பே துணியைப் பிழிந்துவிடக் கூடாது. குளியல் முறை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சாக்கடைக்குப் போகும் தண்ணீர்கூட யாரோ ஒருவருக்குப் பங்காகிறது.

பிறர் வெட்டிய குளத்தில் குளிப்பதானால் முதலில் ஐந்து உருண்டை மண்ணை எடுத்துக் கரையில் போட்ட பிறகே இறங்க வேண்டும் என்று யாக்ஞவல்கிய ஸ்மிருதி சொல்கிறது. குளித்தவர் ஒவ்வொருவரும் ஐந்து உருண்டை எடுத்திருந்தால் நம் ஊர்க் குளங்களுக்குத் தூர்வாரும் திட்டமே தேவைப்பட்டிருக்காது. மனு சொல்லும் விலக்குகளில் ஒன்று, தெரியாத நீர்நிலையில் குளிக்காதே என்பது. ஆழம் தெரியாத குளத்தில் அமாவாசை தர்ப்பணத்துக்கு இறங்குபவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். படிக்கட்டில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டாலும் நீராட்டுதான்.

குளிக்க முடியாதபோது

காய்ச்சலில் இருப்பவரைக் குளிக்கச் சொல்லும் சாஸ்திரம் கிடையாது. நோயாளி குளிக்கக் கூடாது என்பதுதான் விதி. பதிலுக்கு மாற்று வழிகள் பல உண்டு. ஈரத் துணியால் உடம்பு முழுவதும் துடைப்பது கபில ஸ்நானம். திருநீற்றைத் தலை முதல் கால் வரை பூசிக்கொள்வது ஆக்னேயம். மந்திரம் சொல்லி நீர் தெளித்துக்கொள்வது மாந்திரம். பசுக்களின் குளம்புத் தூசி மேலே படுவது வாயவ்யம். வெயிலடிக்கும்போது பெய்யும் மழையில் நனைவது திவ்யம். எதுவுமே முடியாதவருக்கு இறைவனை நினைப்பதே மானச ஸ்நானம்.

ஆனால் நோயாளிக்குத் தீட்டுக் குளியல் அவசியமாகிவிட்டால்? பராசர ஸ்மிருதி சொல்லும் வழி விசித்திரமானது, அழகானதும்கூட. உடல்நலம் உள்ள ஒருவர் குளித்துவிட்டு வந்து நோயாளியைத் தொட வேண்டும், மறுபடி போய்க் குளித்துவிட்டு வந்து தொட வேண்டும், இப்படிப் பத்து முறை. அத்துடன் நோயாளி சுத்தமாகிறார். அழுக்கு இப்படிப் போகுமா? போகாது. என் முதுகில் உள்ள சேற்றை நீங்கள் குளித்துப் போக்க முடியாது. தீட்டு மட்டும் போகிறது. இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை

முறைகள் எல்லாம் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று ஒரு நாளை வைத்துப் பார்க்கலாம். ஐம்பது வயதுக்காரர் ஒருவர். வீட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கும் அம்மா. காலை ஐந்தரைக்கு அவர் மேலே சொன்ன வரிசையில் குளித்துப் பூஜை செய்கிறார். அம்மாவுக்கு வெந்நீரில் துணியை நனைத்து முகம், கை, கால் எல்லாம் துடைத்துவிட்டு, நெற்றியில் திருநீறு பூசி, படுக்கையில் உட்கார்ந்தபடியே தீபாராதனையைப் பார்க்கச் செய்கிறார். இதுவரை சிக்கல் இல்லை.

பத்து மணிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு நண்பர் இறந்துவிட்டதாகச் சேதி. போய், மயானம் வரை உடன் சென்று, மதியம் இரண்டு மணிக்குத் திரும்புகிறார். இப்போது செய்ய வேண்டியது காலைக் குளியலின் தலைகீழ் வரிசை. காலையில் அழுக்கு முதலில், நீராட்டு பிறகு. இப்போது தீட்டு முதலில். அதனால் வீட்டுக்குள் எதையும் தொடாமல், உடுத்திய துணியோடேயே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு சசேல ஸ்நானம் என்று பெயர், துணியோடு கூடிய குளியல். துணியைக் கழற்றிவிட்டுக் குளித்தால் தீட்டு துணியிலேயே தங்கிவிடும், அதை எடுத்துத் துவைப்பவருக்குப் போகும். துணியும் உடம்பும் நன்றாக நனைந்த பிறகு கழற்றி, சோப்பு போட்டு, கடைசியில் மறுபடி மூன்று செம்பு.

செல்போனையும் பணப்பையையும் என்ன செய்வது என்பது இந்தக் காலத்துச் சிக்கல். போகும்போதே முடிந்தவரை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. கொண்டுபோயிருந்தால் திண்ணையில் வைத்துவிட்டு, குளித்த பிறகு ஈரத் துணியால் துடைத்து எடுத்துக்கொள்கிறார்கள். வாசலில் யாராவது ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வைத்திருந்தால் பாதித் தொல்லை குறையும்.

மாலை ஆறு மணிக்கு அவர் விளக்கேற்றலாமா? இறந்தவர் உறவினர் அல்லாத நண்பர் என்பதால் குளியலோடு தீட்டு முடிந்தது, தாராளமாக ஏற்றலாம். இறந்தவர் பங்காளியாக இருந்திருந்தால் எத்தனை முறை குளித்தாலும் அன்று முடியாது. பத்து நாள் என்பது ஒரு கணக்கு, பதினைந்து, பதினாறு நாள் வைப்பவர்களும் உண்டு. மணமாகிப் போன மகளுக்குப் பெற்றோர் இறந்தால் மூன்று நாள். இங்கே தண்ணீரோடு காலமும் சேர்ந்துதான் சுத்தம் செய்கிறது. பலர் தடுமாறுவது இதில்தான். இரண்டாம் நாளே "குளித்துவிட்டேனே" என்று கோவிலுக்குக் கிளம்புவார்கள். அதற்கு நேர்மாறாக, தூரத்து அறிமுகத்தின் சாவுக்குப் போய்வந்துவிட்டு ஒரு வாரம் விளக்கேற்றாமல் இருப்பவர்களும் உண்டு.

எங்கே தவறிப்போகிறது

இதுவரை சொன்ன தீட்டு எல்லோருக்கும் வரும், வந்தபின் விலகும். ஒரு வரம்பு அதற்கு உண்டு. குளியல், சில நாட்கள், அவ்வளவுதான். இதே சொல்லை எடுத்து, சில மனிதர்கள் பிறந்ததிலிருந்து சாகும்வரை தீட்டு, எத்தனை கங்கையில் மூழ்கினாலும் போகாது என்று ஆக்கியபோது அந்தக் கருத்து தன் தர்க்கத்தையே முறித்துக்கொண்டது. சுத்தம் செய்ய முடியாத தீட்டு என்று ஒன்று இருந்தால் குளியலுக்கு என்ன பொருள்? 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் நுழைந்தபோது, சுத்தி செய்யாமல் பூஜை செய்ய மாட்டோம் என்று பட்டர்களில் சிலர் நின்றார்கள். வந்தவர்கள் குளித்திருந்தார்களா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. மடி பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு ஆள் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மாதவிலக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று நாள் விலகியிருந்து நான்காம் நாள் தலைக்குக் குளிப்பது பழைய வழக்கம். பூஜைக்கு ஐந்தாம் நாள் என்று வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. இதைச் சுகாதாரம் என்று நியாயப்படுத்துவது பொருந்தாது, அழுக்கு பற்றிய விதி அல்ல இது. உடம்பின் எல்லையைத் தாண்டி வரும் இரத்தம் என்ற அதே எண்ணம்தான். அதைக் கடைப்பிடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்தப் பெண், வாசலில் நிற்கும் மற்றவர்கள் அல்ல என்பது என் கருத்து. கொல்லைப்புறத்துச் சாய்ப்பில் பாயும் தட்டும் கொடுத்து உட்கார வைத்ததை எந்தப் பெயராலும் சுத்தம் என்று சொல்ல முடியாது.

இந்த முறைக்குள் இருந்தபடியே அதன் எல்லையைச் சொன்னவர்களும் பலர். "புறந்தூய்மை நீரான் அமையும் அகந்தூய்மை வாய்மையால் காணப் படும்" என்ற குறள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் உடம்பைச் சுத்தம் செய்யும், மனத்தைச் சுத்தம் செய்வது சத்தியம் என்று மனு ஸ்மிருதியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. பலவற்றில் ஒத்துப்போகாத இரண்டு நூல்கள் இதில் ஒத்துப்போகின்றன. அப்பர் இன்னும் ஒரு படி மேலே போய், "கங்கை ஆடிலென் காவிரி ஆடிலென்" என்று நதிகளை வரிசையாக எண்ணித் தள்ளிவிடுகிறார், எங்கும் ஈசன் என்று உணராதவர்க்கு அதனால் ஒன்றும் இல்லை என்று. கேட்டுவிட்டு, இனிக் குளிக்கவே வேண்டாம் என்று யாராவது மகிழ்ந்தால், அப்படி அவர் எங்கும் சொல்லவில்லை. அடியவர்கள் அந்தப் பதிகத்தைக் குளித்துவிட்டுத்தான் பாடுகிறார்கள்.